சிஎன்என் மாக் இன்டர்வியூ: நெல் இலை நோய் ப்ராஜெக்ட் வெச்சிருக்கவங்களுக்கு

ரெஸ்யூமேல "நெல் இலை நோய் கண்டுபிடிப்பு, சிஎன்என்"னு போட்டிருக்கீங்கன்னு வெச்சுக்கிட்டு எழுதியிருக்கேன். ரெண்டு பேரா உக்காந்து வாய் விட்டு கேட்டு சொல்லிப் பாருங்க, மனசுக்குள்ள படிச்சா எல்லாமே தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும்.

கேள்வி: இமேஜை நேரா டென்ஸ் லேயருக்கு குடுத்தா என்ன? சிஎன்என் எதுக்கு?

பதில்: சார், என் இமேஜ் 224x224x3, அதாவது 1,50,528 நம்பர். 128 நியூரான் இருக்குற டென்ஸ் லேயர் போட்டா வெயிட் மட்டுமே 1.9 கோடிய தாண்டிடும். கன்வல்யூஷன்ல 3x3 ஃபில்டர் ஒண்ணையே இமேஜ் முழுக்க நகத்துறோம், அதே வெயிட்ட எல்லா இடத்துலயும் யூஸ் பண்றதால 32 ஃபில்டருக்கு 896 பாராமீட்டர் போதும். இலையில புள்ளி எந்த மூலைல இருந்தாலும் அதே ஃபில்டர் புடிச்சிடும்.

கேள்வி: 896 எப்படி வந்துச்சு?

பதில்: ஒரு ஃபில்டர் 3x3x3, 27 வெயிட், ஒரு பயஸ், மொத்தம் 28. அது 32 ஃபில்டர், 28x32 = 896.

இங்கதான் நிறைய பேர் விழுவாங்க, சேனல் 3-அ மறந்துட்டு 9x32ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஃபில்டர் எப்பவும் இன்புட்டோட முழு ஆழத்துக்கும் இருக்கும், அடுத்த லேயர்ல அது 3x3x32 ஆயிடும்.

கேள்வி: பேடிங் இல்ல, ஸ்ட்ரைட் 1. அவுட்புட் சைஸ் என்ன?

பதில்: W இன்புட் சைஸ், K ஃபில்டர் சைஸ், P பேடிங், S ஸ்ட்ரைட்னா ஃபார்முலா இதுதான் சார்:

```
(W - K + 2P) / S + 1
```

(224 - 3 + 0) / 1 + 1 = 222. அப்புறம் 2x2 மேக்ஸ் பூலிங், 111.

கேள்வி: உங்க மாடல்ல 32, 64, 128 ஃபில்டர்னு மூணு கன்வல்யூஷன், ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி பூலிங், கடைசில ஃப்ளாட்டன், டென்ஸ் 128. பாராமீட்டர் எங்க அதிகம்?

பதில்: டென்ஸ்ல சார். மூணு கன்வல்யூஷனும் சேத்தே 93,248தான். மூணாவது பூலிங் முடிஞ்சு 26x26x128 வருது, ஃப்ளாட்டன் பண்ணா 86,528, அத 128 நியூரானோட இணைச்சா 1.1 கோடி ஆயிடுது. அதுக்கு பதிலா குளோபல் ஆவரேஜ் பூலிங் போட்டா ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு நம்பர்தான், டென்ஸ் 16,512 பாராமீட்டர்ல முடிஞ்சிடும், ஓவர்ஃபிட்டிங்கும் குறைய வாய்ப்பிருக்கு.

இந்த கேள்விய நல்லா பழகுங்க. மாடல நீங்களே போட்டீங்களா இல்ல யார்கிட்டயாவது வாங்குனீங்களான்னு இதுல தெரிஞ்சிடும்.

கேள்வி: ஒரே ஒரு 5x5 போடாம ரெண்டு 3x3 ஏன் அடுக்குறாங்க?

பதில்: ரெண்டும் பாக்குற பரப்பு 5x5தான். உள்ள வெளிய C சேனல்னா ரெண்டு 3x3க்கு 18C² வெயிட், ஒரு 5x5க்கு 25C². நடுவுல ஒரு ரெலு கூடுதலா கிடைக்குது. விஜிஜி இப்படித்தான் கட்டுனாங்க, 2014ல.

கேள்வி: ரெஸ்நெட்ல ஸ்கிப் கனெக்‌ஷன் எதுக்கு?

பதில்: லேயர் அடுக்கிக்கிட்டே போனா ட்ரெயினிங் எரரே ஏறுச்சு சார். 2015 பேப்பர்ல சாதாரண 56 லேயர் நெட்வொர்க் 20 லேயர விட மோசமா வந்துச்சு, டெஸ்ட்ல மட்டும் இல்ல ட்ரெயினிங்லயும், அதனால அது ஓவர்ஃபிட்டிங் இல்ல. ஸ்கிப் போட்டா இன்புட் அப்படியே கூட்டப்படுது, லேயர் மிச்சத்த மட்டும் கத்துக்கிட்டா போதும், கத்துக்க ஒண்ணும் இல்லன்னா பூஜ்யத்துக்கு பக்கத்துல போயிடலாம்.

"வேனிஷிங் கிரேடியன்ட்"னு ஒத்த வார்த்தைல முடிச்சிடாதீங்க. அந்த 56 லேயர்ல பேட்ச் நார்ம் ஏற்கனவே இருந்துச்சு, அப்பவும் ஏன்னு திருப்பி கேப்பாங்க.

கேள்வி: டெஸ்ட்ல 98% அக்யூரசி, ஆனா வயல்ல ஃபோன்ல எடுத்த படத்துக்கு தப்பா சொல்லுது. எங்க பாப்பீங்க?

பதில்: முதல்ல டேட்டா பிரிச்ச விதத்த பாப்பேன் சார். ஒரே செடியோட நாலஞ்சு படம் ட்ரெயின்லயும் டெஸ்ட்லயும் கலந்திருந்தா, இல்ல ஆக்மென்டேஷன் முடிச்ச பிறகு பிரிச்சிருந்தா, 98ங்குறதே நம்பக்கூடிய நம்பர் இல்ல. செடி வாரியா, வயல் வாரியா பிரிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணுவேன். அடுத்து பேக்ரவுண்ட், எல்லா நோய் இலையும் வெள்ள பேப்பர் மேல வெச்சு எடுத்ததுன்னா மாடல் பேப்பரத்தான் கத்துக்கிட்டிருக்கும். கிராட்-கேம் போட்டா எந்த இடத்த பாத்து முடிவெடுக்குதுன்னு ஓரளவு தெரியும். கோட் பக்கமும் ஒரு தடவ பாப்பேன், பைடார்ச்ல இத விட்டா பேட்ச் நார்மும் டிராப்அவுட்டும் ட்ரெயினிங் மோட்லயே ஓடும்:

```python
model.eval()
```

கேள்வி: அக்யூரசி தவிர வேற என்ன பாத்தீங்க?

பதில்: நோய் வாரியா ரீகால் பாத்தேன் சார். நல்ல இலை படம் நிறைய, குலை நோய் படம் கம்மி, அதனால எல்லாத்தையும் நல்ல இலைன்னு சொன்னாக்கூட அக்யூரசி அழகா வந்துடும். கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ்ல குலை நோயையும் பழுப்புப் புள்ளி நோயையும் மாத்தி மாத்தி சொன்னது தெரிஞ்சுது, லாஸ்ல கிளாஸ் வெயிட் குடுத்து சரி பண்ணப் பாத்தேன், குலை நோய் ரீகால் ஏறுச்சு, ஆனா பிரிசிஷன் கொஞ்சம் இறங்குச்சு.