தலை முதல் கால் வரை: பொது மருத்துவ வார்டில் புதிதாகச் சேரும் செவிலியருக்கான பரிசோதனைக் குறிப்பு

ஆண்கள் பொது மருத்துவ வார்டில் இந்த வாரம் பணிக்கு வருபவர்களுக்கும் இரண்டாம் ஆண்டு மாணவியருக்கும் எழுதியது. பழகிய கைக்கு முழுப் பரிசோதனை பதினைந்து நிமிடம். முதல் வாரம் அரை மணி நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நடுவில் பக்கத்துக் கட்டிலில் கூப்பிட்டால், திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்பது வரிசை தெரிந்தவருக்குத்தான் நினைவிருக்கும்.

வரிசையை உடைக்க ஒரே ஒரு காரணம் உண்டு. அபாயக் குறி கண்ணில் பட்ட இடத்திலேயே நிறுத்தி, நோயாளியை விட்டு நகராமல் ஆளைக் கூப்பிடுங்கள். "பாதம் வரை பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

கட்டிலை நெருங்கும் முன்

ஸ்டெதஸ்கோப், பேனா டார்ச், வினாடி முள் உள்ள கடிகாரம், தெர்மாமீட்டர், பி.பி. கருவி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், குளுக்கோமீட்டர், அளவு நாடா, கையுறை. கேஸ் ஷீட்டில் முந்தைய ஷிஃப்ட்டின் எண்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். பி.பி. 100/60 என்பது ஒருவருக்கு வழக்கம். நேற்று 160/90 இருந்தவருக்கு அது சரிவு.

கையைக் கழுவி, திரையை இழுத்து, பெயரைக் கேட்டுக் கையிலுள்ள பட்டையோடு ஒப்பிடுங்கள். "நீங்க முருகேசன்தானே?" என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ஆமா" என்பார். "உங்க பேர் சொல்லுங்க ஐயா" என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே நினைவு, பேச்சு, மூச்சு மூன்றும் பாதி தெரிந்துவிடும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், மற்றதை நிறுத்திவிட்டு உடனே தகவல் சொல்லுங்கள்.

எண்கள்

மணிக்கட்டில் நாடியை எண்ணி முடித்த பிறகும் விரலை எடுக்காதீர்கள். அப்படியே வைத்துக்கொண்டு நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு விடும் வேகம் மாறிவிடும். வார்டில் மிகவும் ஏமாற்றப்படும் எண் இதுதான். வரிசையாக எல்லாக் கட்டிலுக்கும் 20 என்று எழுதப்பட்ட சார்ட்டை யாரும் நம்ப வேண்டாம். உடல்நிலை சரியும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சின் எண்ணிக்கை. சாச்சுரேஷன் அதற்குப் பிறகுதான் இறங்கும்.

பி.பி. பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சட்டைக் கையின் மேல் கட்டாதீர்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகத்தில் பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தாலோ ஆக்ஸிமீட்டர் எண் பிசகலாம். விரலைச் சூடாக்கி, வேறு விரலில் பாருங்கள்.

உடனே சொல்ல வேண்டியவை: மூச்சு நிமிடத்துக்கு 8 அல்லது அதற்குக் கீழ், 25 அல்லது அதற்கு மேல். நாடி 40 அல்லது அதற்குக் கீழ், 130-க்கு மேல். மேல் பி.பி. 90 அல்லது அதற்குக் கீழ். 180/120-க்கு மேல் இருந்து கூடவே தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி. சாச்சுரேஷன் 91 அல்லது அதற்குக் கீழ். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு மருத்துவர் 88 முதல் 92 வரை இலக்கு குறித்திருந்தால், 88-க்குக் கீழ் போனால் சொல்லுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழ். காய்ச்சலோடு நடுக்கமும் குழப்பமும் சேர்ந்தால் அதுவும்.

டெங்கு நோயாளியிடம் ஒரு பொறி இருக்கிறது. காய்ச்சல் இறங்கியதும் வீட்டார் நிம்மதி அடைவார்கள். ஆபத்தான கட்டம் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். மேல் பி.பி.க்கும் கீழ் பி.பி.க்கும் இடையே 20 அல்லது அதற்கும் குறைந்த வித்தியாசம் (100/82 போல), விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுத்தல், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

தலை, கண், முகம், வாய்

நினைவுநிலையைக் கிளாஸ்கோ அளவில் குறிக்கும்போது மொத்தத்தை மட்டும் எழுதாமல் கண் 4, பேச்சு 5, அசைவு 6 என்று பிரித்து எழுதுங்கள். முந்தைய அளவைவிட 2 புள்ளி குறைந்தால் உடனே சொல்ல வேண்டும். 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் மூச்சுப்பாதையே ஆபத்தில் இருக்கிறது. புதிதாகக் குழப்பமாகப் பேசுபவரை "வயசாயிடுச்சு" என்று ஒதுக்காமல் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

அறை வெளிச்சத்தைக் குறைத்து, டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து கண்மணிக்குக் கொண்டு வாருங்கள். நேரே முன்னாலிருந்து அடித்தால் அவர் டார்ச்சையே பார்ப்பார். கிட்டப் பார்க்கும்போதும் கண்மணி சுருங்கும் என்பதால் கணக்குத் தப்பிவிடும். புதிதாக ஒன்று பெரிது ஒன்று சிறிது, அல்லது வெளிச்சத்துக்கு அசையவில்லை என்றால் உடனே தகவல். ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணியோடு எச்சில் ஒழுகுதல், வியர்வை, பூச்சிமருந்து வாடை இருந்தால் பூச்சிமருந்து விஷமாக இருக்கலாம். உடையிலும் முடியிலும் மருந்து ஒட்டியிருக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இரவில் தரையில் படுத்திருந்தவர் காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு என்று வந்தால் இமையைப் பாருங்கள். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமோ தடமோ இல்லாமலே போகலாம். இமை சரிவதுதான் அது காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளங்களில் ஒன்று. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி, எதுவரை வந்தார் என்று குறியுங்கள். அரை மணி கழித்து அந்த எண் குறைந்திருந்தால் மூச்சுத் தசைகள் தளர்கின்றன என்று பொருள்.

பக்கவாதத்துக்கு "ஈ"-ன்னு பல்லைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடி இரு கையையும் பத்து வினாடி நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ ஒரு கை இறங்கினாலோ பேச்சு குழறினாலோ, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று உடனிருப்பவரிடம் கேட்டு நேரத்தை எழுதுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. விழுங்கும் திறனைச் சோதிக்கும் வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது.

நம் நிறத்தில் நீலம் பாய்வதும் ரத்தசோகையும் தோலில் எளிதில் தெரியாது. நாக்கு, உதட்டின் உட்புறம், கீழிமையின் உட்புறம், உள்ளங்கை ஆகியவற்றைப் பாருங்கள். நாக்கு நீலமாக இருந்தால் உடனே ஆக்சிஜனும் அழைப்பும்.

கழுத்தும் நெஞ்சும்

கழுத்து நாடியை ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் தொட வேண்டும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மயக்கம் வரும். மூச்சுக்குழல் ஒரு பக்கம் தள்ளியிருந்து, எதிர்ப்பக்கத்தில் மூச்சொலியும் இல்லாமல், பி.பி.யும் இறங்கினால் நெஞ்சில் காற்று அடைத்திருக்கலாம். அது நிமிடக் கணக்கு. மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரவென்று ஒலி தொண்டையிலிருந்து வந்தாலும் அப்படியே.

ஸ்டெதஸ்கோப்பைத் தோலில் வையுங்கள். சட்டைமேல் வைத்தால் துணி உரசும் ஓசையை நுரையீரல் ஓசை என்று எழுதுவீர்கள். வாயைத் திறந்து ஆழமாக மூச்சு விடச் சொல்லி, இடம், வலம் என்று ஒரே மட்டத்தில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். முன்பக்கம் மட்டும் கேட்டு முடித்தால் நுரையீரலின் அடிப்பகுதி விட்டுப்போகும். நீர் கோத்தால் முதலில் கேட்பது அங்கேதான். ஆஸ்துமா நோயாளிக்கு விசில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் ஆள் இன்னும் திணறுகிறார் என்றால் குணமாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். உள்ளே காற்றே போகவில்லை.

இதய ஒலியில் முணுமுணுப்பு வகைகளைப் பிரிப்பது முதல் வாரத்தின் வேலை அல்ல. ஐந்தாம் விலா இடைவெளியில், இடது காறையெலும்பின் நடுவுக்கு நேர்கீழே வைத்து, சீராக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் எண்ணினால் போதும். டிகாக்ஸின் கொடுக்கும் முன் இந்த எண்ணிக்கை கட்டாயம். 60-க்குக் கீழ் என்றால் மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். நெஞ்சுவலி என்றாலோ, வியர்வையோடு தாடை, இடது கை, மேல்வயிறு வலிக்கிறது என்றாலோ பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. "கேஸ் டிரபிள்தான்" என்று நோயாளியே சொன்னாலும் ஈ.சி.ஜி.யை விடாதீர்கள்.

வயிறு

இங்கே மட்டும் முறை மாறும். பார்த்தல், கேட்டல், தட்டல், கடைசியில்தான் தொடுதல். முதலில் அழுத்தினால் குடலோசை மாறிவிடும். முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். வலிக்கிற இடத்தைக் கடைசியில் தொடுங்கள். தொடும்போது வயிற்றைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். குடலோசை இல்லை என்று எழுத ஐந்து நிமிடம் கேட்டிருக்க வேண்டும்.

பலகை போல விறைத்த வயிறு, கையை எடுக்கும்போது சுரீரென்று வலி, ரத்த வாந்தி, தார் போல ஒட்டும் கறுப்பு மலம்: உடனே சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கும் மலம் கறுக்கும். ஆனால் தார் நாற்றமும் பிசுபிசுப்பும் இருக்காது. சந்தேகம் இருந்தால் மலத்தை வைத்திருந்து காட்டுங்கள்.

யூரின் பேக்கில் மணிக்கு ஒரு கிலோ எடைக்கு அரை மி.லி., அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மி.லி., இரண்டு மணி நேரமாக வரவில்லை என்றால் சொல்ல வேண்டும். கூப்பிடும் முன் குழாய் மடங்கியிருக்கிறதா, தொடைக்கடியில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதுகு, கை, கால்

புரட்டிப் பார்க்காமல் பரிசோதனை முடியாது. வால் எலும்பு, குதிகால், பின்னந்தலை. அழுத்தி எடுத்தும் நிறம் மாறாத இடம் படுக்கைப்புண்ணின் ஆரம்பம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பாருங்கள்.

டிரிப்ஸ் ஊசி குத்திய இடத்தைப் பிளாஸ்டருக்கு மேலே பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நகத்தை ஐந்து வினாடி அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் ரத்தம் திரும்ப வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தால் ரத்தக்கட்டைச் சந்தேகியுங்கள். வீட்டார் தைலம் தேய்க்க வருவார்கள். தடுங்கள், கட்டு நகர்ந்து நுரையீரலுக்குப் போகும். திடீர் வலியோடு கால் வெளிறி, சில்லிட்டு, நாடி தெரியாமல் போனால் காலையே இழக்கும் ஆபத்து. சர்க்கரை நோயாளியின் விரலிடுக்கை விரித்துப் பாருங்கள். உணர்ச்சியில்லாத கால் புண்ணைச் சொல்லாது.

எப்படிச் சொல்வது

"14-ஆம் கட்டில் பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்கார், டாக்டர்" என்றால் யாரும் ஓடி வர மாட்டார்கள். எண்ணோடு சொல்லுங்கள்:

"டாக்டர், ஆண்கள் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். 14-ஆம் கட்டில், 62 வயசு, நிமோனியாவுக்கு நேத்து அட்மிட் ஆனவர். காலைல 6 மணிக்கு மூச்சு 20, சாச்சுரேஷன் 96. இப்ப 10.20-க்கு மூச்சு 30, சாச்சுரேஷன் 90, பல்ஸ் 124, பி.பி. 88/54. புதுசா குழப்பமா பேசுறார். சர்க்கரை 132. ஆக்சிஜன் ஆரம்பிச்சாச்சு, ஐ.வி. லைன் ஓடுது. செப்சிஸ்னு சந்தேகமா இருக்கு. உடனே வந்து பாருங்க. அதுக்குள்ள நான் என்ன ஆரம்பிக்கணும்?"

அவர் சொல்லும் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள். பத்து நிமிடத்தில் யாரும் வராவிட்டால் வார்டு பொறுப்புச் செவிலியரிடம் சொல்லிவிட்டு அடுத்த மூத்த மருத்துவரைக் கூப்பிடுங்கள். கேஸ் ஷீட்டில் கண்டது, கண்ட நேரம், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்ற நான்கையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். விட்ட இடத்திலிருந்து மீதிப் பரிசோதனையைத் தொடருங்கள்.