முன்னோடித் திட்டம் வெற்றி: இரு கிளைகளுக்கும் வாழ்த்தும், இனி வரும் வேலையும்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கிளைகளில் பணிபுரியும் அனைவருக்கும்,

வணக்கம்.

நேற்றைய பணிப்பாளர் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. நமது புதிய இருப்புக் கணினி முறை மற்ற ஏழு பாமசிகளுக்கும் போகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீங்கள் செய்துகாட்டியதைப் பார்த்த பிறகு, இது சரிவருமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எப்போது தொடங்கலாம் என்றுதான் கேட்டார்கள். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள்.

இந்த மூன்று மாதத்தில் காலாவதியாகி அழிக்க ஒதுக்கிய மருந்து, இரண்டு கிளைக்கும் சேர்த்து ஒரே ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. முன்பெல்லாம் காலாண்டு முடிவில் கொட்டாஞ்சேனைக் களஞ்சியத்தின் பின்மூலை எப்படி இருக்கும் என்று அங்கே வேலை செய்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலாவதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே திரை சிவப்புக் காட்டிவிடுவதால், விநியோகஸ்தர்களிடம் உரிய நேரத்தில் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ள முடிந்தது.

கணினி வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று வெளியில் பேசிக்கொள்வார்கள். நடந்தது வேறு. நமக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் பார்கோட், இது என்ன மருந்து என்பதை மட்டும்தான் சொல்லும். ஸ்கேனரைக் காட்டினால் பெயரும் விலையும் வரும், அவ்வளவுதான். தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் ஒரு ஆள் பெட்டியைத் திருப்பிப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். உற்பத்தித் திகதி மேலே, காலாவதித் திகதி கீழே, இரண்டும் ஒரே அளவு எழுத்தில், சிலவேளை மை இல்லாமல் வெறுமனே அழுத்திப் பதித்திருப்பார்கள். அவசரத்தில் மேல்வரியை அடித்துவிட்டால் நேற்று வந்த மருந்து கணக்கில் காலாவதியாகிவிடும். 2026ஐ 2028 என்று அடித்தால் அதைவிட மோசம். அந்தப் பெட்டிக்குச் சிவப்பே வராது.

வெள்ளவத்தையில் இதற்கு நீங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். ஒருவர் பெட்டியைப் பார்த்து உரத்து வாசிக்க மற்றவர் அடிப்பது, பிறகு அடித்தவர் திரையைப் பார்த்துத் திருப்பி வாசிப்பது. கையேட்டில் இது எங்கேயும் இல்லை. கொட்டாஞ்சேனையிலும் இப்படித்தான். மாத்திரை அட்டையை வெட்டும்போது திகதி உள்ள முனையைக் கடைசிவரை விட்டுவைப்பது நம் தொழிலில் பழைய பழக்கம். நீங்கள் அதோடு நிற்காமல், வெட்டிய அட்டைகளுக்கு ஒரு தனித் தட்டு வைத்து, அந்தத் தட்டு முடிந்த பிறகுதான் புதுப் பெட்டி உடைப்பது என்று வைத்துக்கொண்டீர்கள். உதிரி மாத்திரைக் கணக்கு இடிக்காமல் போனதற்கு அந்தத் தட்டுத்தான் காரணம். இரண்டையும் இப்போது கையேட்டில் சேர்த்துவிட்டோம்.

சரி, இனி என்ன?

முதலில் தெஹிவளையும் வத்தளையும். அப்புறம் பொரளை, மருதானை, பம்பலப்பிட்டி. நுகேகொடையும் கடுவெலையும் கடைசி. டிசம்பர் நடுப்பகுதிக்குள் முடித்துவிட வேண்டும். நத்தார் நேரக் கூட்டத்தில் எந்தக் கிளையும் புது முறையோடு தடுமாறக் கூடாது. ஒவ்வொரு கிளையும் மாறும் வாரத்தில் உங்களில் இருவர், கிளைக்கு ஒருவராக, அங்கே போய் நிற்க வேண்டும். முதல் இரண்டு நாளும் அவர்கள் கையால் செய்துகாட்டட்டும். மூன்றாம் நாளிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றால் போதும். இதுதான் கஷ்டமான பகுதி என்று எனக்குத் தெரியும். வேகமாகச் செய்யத் தெரிந்தவருக்கு மற்றவர் மெதுவாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசில்லை.

ஆள் வெளியே போகும் வாரத்தில் உங்கள் கிளையில் ஒரு கை குறையும். மாலை ஆறு மணிக்கு மேல் காலி வீதி நெரிசலோடு கடைக்குள்ளும் நெரிசல் வரும்போது அது நன்றாகவே தெரியும். அந்த நேரத்துக்கு மட்டும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்புகிறோம். அவர் பில் போடுவார், பை கட்டுவார். மருந்துத் துண்டைப் பார்த்து மருந்து கொடுப்பது மட்டும் எப்போதும்போல பதிவுபெற்ற மருந்தாளரின் பொறுப்பு. அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. மருந்தாளர் இல்லாத ஷிப்ட் வரும் என்றால் அந்த வாரம் யாரையும் அனுப்ப வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள், திகதியை மாற்றுவோம்.

பொரளை, நுகேகொடை, கடுவெலைக் கிளைகளில் வேலை சிங்களத்தில்தான் நடக்கிறது. திரையை மூன்று மொழியிலும் பார்க்கலாம், ஆனால் ஸ்கேனர் பக்கத்தில் நீங்கள் ஒட்டிவைத்திருக்கும் குறிப்புகள் தமிழில் மட்டும் இருக்கின்றன. அவற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள், சிங்களத்தில் எழுதி அச்சிட்டு எல்லாக் கிளைக்கும் தருகிறோம். சிங்களம் சரளமாகப் பேசுபவர்களை அந்த மூன்று கிளைகளுக்கும் அனுப்ப விருப்பம்.

மாறுவதற்கு முன் ஒவ்வொரு கிளையிலும் இறாக்கை இறாக்கையாக முழு இருப்பையும் எண்ண வேண்டும். கூட்டம் குறைவான போயா தினங்களில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். அன்று வேலைக்கு வருபவர்களுக்குச் சட்டப்படியான மேலதிகக் கொடுப்பனவும் மதியச் சாப்பாடும் உண்டு. இன்சுலின் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியைக் கடைசியாக, கதவை அடிக்கடி திறக்காமல், ஒரே தடவையில் எண்ணுங்கள். வெப்பநிலை 2க்கும் 8க்கும் இடையில் நிற்க வேண்டும், எண்ணுகிற அவசரத்தில் அது மறந்துபோகும்.

எண்ணும்போது கணக்கு இடிக்கும். எல்லாக் கிளையிலும் இடிக்கும். முதல் மாதத்தில் தெரியவரும் குறைநிறைக்காக எவருடைய சம்பளத்திலும் ஒரு சதமும் வெட்டமாட்டோம். பணிப்பாளரிடம் இதை எழுத்தில் வாங்கிவிட்டேன், பிரதி இரண்டு கிளை முகாமையாளர்களிடமும் இருக்கிறது. புதுக் கிளைக்குப் போகிறவர்கள் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். பயந்தவர் சரியான எண்ணிக்கையை எழுதமாட்டார்.

பழைய கொப்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு இரண்டிலும் எழுதலாம். பதினைந்தாம் நாள் கொப்பியை முகாமையாளரின் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். கொப்பி கௌண்டரில் கிடக்கும்வரை ஆட்கள் அதைத்தான் நம்புவார்கள். கரண்ட் போனால் கையால் எழுதும் பில் புத்தகம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை ஒன்று இன்னும் தீரவில்லை: மாலையில் திரை மெதுவாவது. மென்பொருள் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியாகாமல் மருதானையைத் தொடங்கமாட்டோம், அங்கே வரும் கூட்டம் உங்களுக்குத் தெரியும்.

வெளிக்கிளைக்குப் போகும் நாட்களுக்குப் போக்குவரத்துச் செலவும் நாட்படியும் சம்பளத்தோடு வரும். தீபாவளி வாரத்தில் யாரையும் அனுப்பமாட்டோம். வீட்டில் சின்னப் பிள்ளையோ நோயாளியோ இருந்து தூரம் போக முடியாதவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். தொலைபேசியில் சந்தேகம் தீர்த்துவைக்கவும் ஆட்கள் வேண்டும், அந்த வேலையும் சின்னதில்லை.

யார் யார் போகலாம், எந்த வாரம் வசதி என்று வரும் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் முகாமையாளரிடம் பெயர் கொடுங்கள். சனிக்கிழமை கடை மூடிய பிறகு வெள்ளவத்தைக் கிளையின் மேல்மாடியில் எல்லோருக்கும் இராச்சாப்பாடு. கொட்டாஞ்சேனையிலிருந்து வர வான் ஒழுங்கு செய்திருக்கிறோம். மரக்கறிச் சாப்பாடு வேண்டியவர்கள் பெயர் கொடுக்கும்போதே அதையும் சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
செயற்பாட்டு முகாமையாளர்
தலைமை அலுவலகம், கொழும்பு