சம்பள மென்பொருள் மாற்றம்: பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு (திருத்தியது, ஆகஸ்ட் 6)

கார்த்திக்,

நேற்று அனுப்பிய நாலு பக்கக் குறிப்பை ஒதுக்கிவிடுங்கள். நடந்ததையெல்லாம் தேதி வாரியாகக் கொட்டியிருந்தேன். சம்பளமே நின்றுபோகக்கூடிய விஷயம் மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. இனி இதுதான் குறிப்பு. ஆகஸ்ட் 10 முதல் விடுப்பு. 26 வாரம் கழித்து பிப்ரவரி 8 அன்று வருவேன்.

இந்த வாரமே: வங்கி அனுமதி

சம்பளக் கோப்பை ஒருவர் ஏற்ற, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். ஏற்றும் உரிமை இப்போது என் பெயரில் மட்டும்தான். உங்களுக்கான விண்ணப்பம் வங்கியில் இருக்கிறது, இன்னும் முடியவில்லை. ஆகஸ்ட் 20க்குள் வராவிட்டால் நிதி மேலாளரிடம் சொல்லி வங்கிக்கு நேரில் போங்கள். செப்டம்பர் 5 சம்பளத்துக்கு வேறு வழி கிடையாது.

ஆகஸ்ட் 14: பி.எஃப்., இ.எஸ்.ஐ.

கடைசி நாள் 15, ஆனால் அன்று சுதந்திர தினம். 13ஆம் தேதியே கட்டிவிட்டால் நிம்மதி. பி.எஃப். கோப்பைப் பழைய மென்பொருளிலிருந்தே எடுங்கள். புதியது `#~#` போட வேண்டிய இடத்தில் காற்புள்ளி போடுகிறது, தளம் ஏற்காது. ஜூலை டி.டி.எஸ். நாளை நானே கட்டிவிடுகிறேன்.

பெரிய ஆபத்து: மூன்று பேரின் இ.எஸ்.ஐ.

ஜூலை சம்பளத்தை இரண்டு மென்பொருளிலும் போட்டுப் பார்த்தோம். 640 பேரில் 11 பேருக்கு வித்தியாசம். எட்டு வெறும் பைசா முழுமையாக்கல், சரிசெய்தாகிவிட்டது. மீதி மூவருக்கு ஜூலையில் ஊதிய உயர்வு வந்து சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியது. புதிய மென்பொருள் அந்த மாதமே பிடித்தத்தை நிறுத்திவிட்டது. அது தவறு. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. நடுவில் வரம்பைத் தாண்டினாலும் செப்டம்பர் 30 வரை பிடிக்க வேண்டும், அதுவும் முழுச் சம்பளத்தின் மீது. ஆளுக்கு மாதம் 160 ரூபாய் சொச்சம்தான். ஆனால் விட்டுப்போனது, அவர்கள் மருத்துவமனையில் அட்டையை நீட்டும்போதுதான் தெரியவரும்.

மென்பொருள்காரர்கள் ஆகஸ்ட் 25க்குள் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதுதான், எழுத்தில் இல்லை. சரியானதும் ஆகஸ்ட் சம்பளத்தை இரண்டிலும் போட்டு, அந்த மூவரின் சீட்டை நீங்களே கண்ணால் பாருங்கள். 'சரியாகிவிட்டது' என்ற மின்னஞ்சலை நம்ப வேண்டாம்.

செப்டம்பர் 15: முடிவு நாள்

பழைய மென்பொருளின் உரிமம் செப்டம்பர் 30 அன்று முடிகிறது. அதற்குள் வித்தியாசம் பூஜ்யமாகாவிட்டால் ஒரு மாதம் நீட்டிக்க வேண்டும். முடிவு நிதி மேலாளருடையது, கேட்க வேண்டியது நீங்கள். செலவைக் காட்டித் தயங்குவார். என் கருத்து, நீட்டிப்பதே.

வருகைப்பதிவு இணைப்பு, சம்பளச் சீட்டு வடிவம், பயிற்சி எல்லாம் காத்திருக்கலாம். பழைய குறிப்பில் இருக்கிறது, அவசரமில்லை.

பிரசவ நாள் செப்டம்பர் முதல் வாரம். ஆகஸ்ட் 31 வரை தயங்காமல் கூப்பிடுங்கள். அப்புறம் வங்கிக் கோப்பு நின்றால் மட்டும் மெசேஜ் போடுங்கள், முடிந்தபோது பார்க்கிறேன்.

சுமதி