கிளையன்ட் விளம்பரங்களில் ஏஐ ரெண்டர்கள்: லேபிள், சேமிப்பு, பெயர் வரி

மாடலிங், போஸ்ட், கிளையன்ட் தொடர்பு ஆகிய மூன்று அணிகளுக்கும். ப்ரோஷர், இணையதளம், ஹோர்டிங், சமூக ஊடகம் என வெளியே போகும் எல்லாப் படங்களுக்கும் இது பொருந்தும். உள்ளுக்குள் பார்க்கும் மூட் போர்டுக்குத் தேவையில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு படம் ப்ரோஷருக்குத் தாவினால், அந்த நிமிடமே அதுவும் இதற்குள் வந்துவிடும்.

வகை பிரித்தல்

முழுக்க 3டி காட்சியிலிருந்து வந்தது `G0`. டீநாய்சர் ஓடியிருந்தாலும் அதே வகைதான். 3டி ரெண்டரின் மேல் வானம், மரம், மனிதர், திரைச்சீலை என்று ஏதாவது ஏஐ வரைந்திருந்தால் `G1`. ஸ்கெட்ச்சிலிருந்தோ வெறும் ப்ராம்ப்டிலிருந்தோ பிறந்தது `G2`.

ஏஐ அப்ஸ்கேலர் ஓடிய படம் `G1`தான், `G0` அல்ல. இதில்தான் அடிக்கடி வாக்குவாதம் வருகிறது. பிக்சல் கூட்டும்போது அப்ஸ்கேலர் தானாகவே விவரம் கற்பிக்கிறது: பால்கனி கிராதியில் பத்துக் கம்பி பதினொன்றாகும், டைல் இணைப்புக் கோடு வளையும், கதவுக் கைப்பிடி கீல் பக்கம் போய் உட்காரும். டீநாய்ஸ் அளவு 0.2 வரை பெரும்பாலும் தப்பிக்கலாம், 0.4ஐத் தாண்டினால் சுவரின் விளிம்பே நகரும். அதனால் `G1` படம் எதுவும் வெளியே போகும் முன் 3டி மூலத்தை `Difference` லேயராக மேலே வைத்துப் பார்க்க வேண்டும். ஜன்னல், கிராதி, படி, கதவு நான்கையும் வரைபடத்தோடு எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

விற்கப்படும் வீட்டையோ அறையையோ காட்ட `G2` படம் கூடாது. அளவுக்குக் கட்டுப்படாத படத்தை நம்பி ஒருவர் பணம் கட்டக் கூடாது. சூழல், மனநிலை காட்டும் படங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

படத்தின் மேல் லேபிள்

`G1`: “கணினிக் காட்சிப்படம். மனிதர்களும் மரங்களும் ஏஐயால் சேர்க்கப்பட்டவை.” எது சேர்க்கப்பட்டதோ அதன் பெயரை எழுதுங்கள், எல்லாப் படத்துக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்ட வேண்டாம். `G2`: “ஏஐ உருவாக்கிய கற்பனைப் படம். கட்டடத்தின் உண்மைத் தோற்றம் அல்ல.”

எழுத்து உயரம் படத்தின் உயரத்தில் 2 சதவீதத்துக்குக் குறையக் கூடாது: 1080 பிக்சலுக்கு 22. கீழ் மூலையில் வைக்காதீர்கள். 1920×1080 படத்தைக் கிளையன்ட் சதுரமாக வெட்டினால் இருபுறமும் 420 பிக்சல் போய்விடும், லேபிளும் கூடவே போகும். கீழே நடுவில், நடு 1080 பிக்சலுக்குள் அடங்கும்படி வையுங்கள். செங்குத்து ஸ்டோரி வடிவத்தை நாமே தனியாக எக்ஸ்போர்ட் செய்து தருவோம்.

கோப்புக்குள் லேபிள்

கடைசி எக்ஸ்போர்ட் முடிந்த பிறகே மெட்டாடேட்டா எழுத வேண்டும். முன்னால் எழுதினால் எக்ஸ்போர்ட் அதைத் துடைத்துவிட வாய்ப்பு அதிகம்.

```
exiftool -XMP-iptcExt:DigitalSourceType="http://cv.iptc.org/newscodes/digitalsourcetype/compositeWithTrainedAlgorithmicMedia" P114_living_G1_v07.jpg
```

`G2`வுக்குக் கடைசிச் சொல் `trainedAlgorithmicMedia`. கட்டளை ஓடியதும் பக்கத்தில் `_original` என்று முடியும் கோப்பு ஒன்று நிற்கும். அது லேபிள் இல்லாத பழைய பிரதி. அதைக் கிளையன்ட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மெட்டாடேட்டா போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படத்தின் மேலும் லேபிள் கேட்பது இதனால்தான்.

சேமிப்பு

பெயர் வரிசை: திட்ட எண், காட்சி, வகை, பதிப்பு. ஒவ்வொரு இறுதிப் படத்துக்கும் `_src` ஃபோல்டரில் இவை இருக்க வேண்டும்: ஏஐ தந்த மூல PNG, 3டி ரெண்டர், மாஸ்க், ரெஃபரன்ஸ் படங்கள், ப்ராம்ப்ட், சீட், மாடலின் பெயரும் பதிப்பும், ஓட்டிய தேதி. சீட் மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். இணையச் சேவைகளில் மாடல் சொல்லாமல் மாறும், பழைய சீட்டுக்கு வேறு படம் வரும். அதனால்தான் மூல PNG கட்டாயம்.

`ComfyUI` தரும் PNGக்குள் ப்ராம்ப்டும் முழு வொர்க்ஃப்ளோவும் உட்கார்ந்திருக்கும். நமக்கு அது வரம், வெளியே போனால் வம்பு. மூல PNG உள் சேமிப்பில் மட்டும், கிளையன்ட்டுக்கு JPG. விளம்பரம் நின்ற பிறகும் மூன்று ஆண்டு வைத்திருப்போம்.

வெளியிடாத வரைபடங்களைத் தனிப்பட்ட கணக்குகளில் ஏற்றக் கூடாது. ஸ்டுடியோ கணக்கில், பயிற்சிக்குத் தரும் அமைப்பை அணைத்த பிறகே ஏற்றலாம்.

பெயர் வரி

மாடலிங் செய்தவர், போஸ்ட் செய்தவர் பெயர்கள் முதலில். பிறகு “ஏஐ துணையுடன்” என்று சேர்த்துக் கருவியின் பெயர். கருவியை ஆசிரியராக எழுத வேண்டாம். ரெஃபரன்ஸாகக் கொடுத்த புகைப்படத்துக்கு உரிமம் இருக்க வேண்டும், உரிமம் கேட்டால் புகைப்படக்காரர் பெயரும் வர வேண்டும். உயிரோடிருக்கும் கலைஞர், கட்டடக் கலைஞர் பெயரை ப்ராம்ப்டில் போடக் கூடாது.

`G2` படங்களுக்கு ஒப்பந்தத்தில் “முழுப் பதிப்புரிமை” என்று எழுதித் தர வேண்டாம். மனிதப் படைப்பு இல்லாத இடத்தில் பதிப்புரிமையே கிடைக்காமல் போகலாம். “பயன்படுத்தும் அனுமதி” என்று எழுதுங்கள்.

லேபிளை எடுக்கச் சொல்லிக் கிளையன்ட் கேட்டால் மறுத்துவிட்டு, அதே காட்சியை `G0`வாக ரெண்டர் செய்து தர எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்லுங்கள். லேபிள் இல்லாமல் ஏற்கெனவே வெளியான படம் கண்ணில் பட்டால், அன்றே போஸ்ட் அணித் தலைவருக்குத் தெரிவித்து மாற்றுக் கோப்பு அனுப்ப வேண்டும்.