போனோடு எதை இணைக்க எந்த கேபிள்? முதல்முறை வாங்குபவர்களின் கேள்விகளும் பதில்களும்

புது போனோடு ஒரு கேபிள் மட்டும்தான் வந்தது, சார்ஜர் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

போனின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எப்படித் திருப்பிச் செருகினாலும் போகிற நீள்வட்டத் துளை என்றால் யுஎஸ்பி-சி. இப்போது வரும் போன்கள் கிட்டத்தட்ட எல்லாமே இதுதான். ஐபோன்கூட 2023-ல் வந்த 15-ஆம் வரிசையில் இதற்கு மாறிவிட்டது. அடுத்து, போனை எதோடெல்லாம் இணைக்கப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் இல்லாத எதையும் இப்போது வாங்க வேண்டாம்.

முனை ஒன்றாக இருந்தால் எல்லா சி கேபிளும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. பணம் அதிகம் வீணாவது இங்கேதான். முனையைப் பார்த்தால் அது எதில் செருகும் என்று தெரியும். உள்ளே எத்தனை கம்பி ஓடுகிறது என்று தெரியாது.

பெட்டியோடு வரும் கேபிள்கள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0. அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். சார்ஜ் செய்யவும் சில படங்களை அனுப்பவும் இது போதும். பெரிய வீடியோக்களை அடிக்கடி கணினிக்கு மாற்றுபவர் என்றால் 5 அல்லது 10 ஜிகாபிட் என்று அட்டையில் அச்சிட்ட கேபிள் வாங்குங்கள். ஆனால் போனின் துளையும் அந்த வேகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஐபோன் 15-இலேயே சாதாரண மாடல் 480 மெகாபிட்தான், ப்ரோ மாடல்தான் 10 ஜிகாபிட்.

மலிவு கேபிள்களில் சில சார்ஜ் மட்டும்தான் செய்யும், தகவல் கம்பியே இருக்காது. சோதிப்பது எளிது: ஆண்ட்ராய்டு போனைக் கணினியில் செருகி, மேலிருந்து வரும் யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு "File transfer" தேர்ந்தெடுங்கள். சார்ஜ் ஏறுகிறது, அந்த அறிவிப்பு மட்டும் வரவே இல்லை என்றால் முதலில் கேபிளைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

போன் 25 வாட், லேப்டாப் 65 வாட். இரண்டு சார்ஜர் வேண்டுமா?

சாதனம் கேட்கும் அளவுக்கு மின்சாரம் தரும் பொதுவான முறையான பவர் டெலிவரி உள்ள 65 வாட் சார்ஜர் ஒன்றே போதும். பெரிய சார்ஜர் போனைக் கெடுக்காது. தனக்கு எவ்வளவு வேண்டும் என்று போன் கேட்டுத்தான் வாங்கும். இரண்டு துளை உள்ளதாக வாங்கினால், இரண்டையும் சேர்த்துச் செருகும்போது வாட் எப்படிப் பிரிகிறது என்று சார்ஜரின் முதுகில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். கேபிளிலும் கவனம் தேவை: சாதாரண சி-டு-சி கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். தன் கம்பெனிக்கே உரிய அதிவேக முறையில் சார்ஜ் ஆகும் போன்களுக்கு அவற்றின் சொந்த சார்ஜரும் கேபிளும்தான் முழு வேகம் தரும். மற்றதில் மெதுவாக ஏறும்.

எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கினால் டிவியில் படம் வருமா?

அது போனைப் பொறுத்தது. சி துளை வழியாகப் படம் அனுப்பும் திறன் போனிலேயே இருக்க வேண்டும். அடாப்டரால் அதைச் சேர்க்க முடியாது. போனின் விவரப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் யுஎஸ்பி 2.0 என்றிருந்தால் பெரும்பாலும் வராது. அந்தக் காசை மிச்சப்படுத்தி வைஃபை வழியாகவே டிவிக்கு அனுப்புங்கள்.

பென்டிரைவ், மவுஸ், கீபோர்டு?

ஒரு பக்கம் போனின் துளையில் செருகி, மறுபக்கம் இவற்றைச் செருகிக்கொள்ளும் சின்ன ஓடிஜி அடாப்டர் போதும். சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜியை ஆன் செய்ய வேண்டியிருக்கும். வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் போனின் மின்சாரம் போதாமல் போகலாம். அப்போது சார்ஜர் செருக இடமுள்ள, பல துளை கொண்ட ஹப் வேண்டும்.

பழைய 3.5 மி.மீ. இயர்போன்?

போனின் டிஜிட்டல் தகவலை ஒலியாக மாற்றும் டிஏசி சிப் உள்ளே உள்ள அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாதது பல போன்களில் பேசவே பேசாது.

சி துளை உள்ள டிரிம்மர் புது சார்ஜரில் ஏறவில்லை, பழைய சார்ஜரில் ஏறுகிறதே?

சி-டு-சி கேபிளில் எதிர்முனையில் ஒரு சாதனம் இருக்கிறது என்று உறுதியான பிறகே சார்ஜர் மின்சாரம் விடும். அதை உணர்த்தும் சின்ன ரெசிஸ்டரைச் சில மலிவுச் சாதனங்களில் வைப்பதில்லை. அதனால் ஒரு முனை பழைய அகலமான ஏ, மறுமுனை சி என்றுள்ள கேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். புது சார்ஜர் வாங்கும்போதும் ஒரு ஏ துளை உள்ளதையே எடுங்கள்.

பையில் எதையெல்லாம் வைப்பது?

இரண்டு துளை சார்ஜர், ஒரு மீட்டர் சி-டு-சி கேபிள், ஏ-டு-சி கேபிள், ஓடிஜி. மற்றதெல்லாம் தேவை வரும்போது. காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ பயன்படுத்துபவர்கள் தகவல் போகும் குட்டைக் கேபிள் ஒன்றை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக்கு விமானத்தில் போகிறேன்.

சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் அந்த ஊர் சாக்கெட்டுக்கு ஏற்ற பிளக் அடாப்டர் மட்டும் போதும். அது பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. பவர் பேங்கை லக்கேஜில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர்-மணி, அதை பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 20 × 3.7 = 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம். அளவு அச்சழிந்து போன பவர் பேங்கை எடுத்துச் செல்ல வேண்டாம். சோதனையில் நிறுத்தி வாங்கி வைத்துவிட வாய்ப்புண்டு.