பாட்டிக்கு ஓர் அழைப்பு

நடுவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உட்லண்ட்ஸிலிருந்து நான் தெம்பனிஸில் இருக்கும் பாட்டியை அழைக்கிறேன். என் கைப்பேசி குரலை 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி, எண்களாக்கி, சுருக்கி, ரேடியோ அலையில் அருகிலுள்ள ஆன்டெனாவுக்கு அனுப்பும். கோபுரம் என்கிறோம், இங்கே பல இடங்களில் அது கட்டடக் கூரையில்தான் இருக்கும். அங்கிருந்து கண்ணாடி இழை வழியே மைய வலையமைப்புக்கு.

சரி, பாட்டி எங்கே என்று அதற்கு எப்படித் தெரியும்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். சும்மா கிடக்கும் கைப்பேசியும், தான் எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று அவ்வப்போது வலையமைப்புக்குச் சொல்லிவிடும். அந்த வட்டார ஆன்டெனாக்கள் பாட்டியின் கைப்பேசியைக் கூவி அழைக்கும்; அது பதில் சொன்னதும் மணி அடிக்கும். அவர் எடுத்தால் எண்கள் மறுபடி குரலாகும். பேசிக்கொண்டே அவர் எம்ஆர்டி ஏறினாலும் ஓர் ஆன்டெனா அடுத்ததிடம் அழைப்பை ஒப்படைத்துவிடும். நன்றி.