அப்பாவின் லிப்பிட் ரிப்போர்ட்: கேள்விகளும் பதில்களும்

ரிப்போர்ட்டையும் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டையும் கையில வச்சுக்கிட்டு படிங்கப்பா. உங்க எண்கள், மி.கி./டெ.லி. கணக்கில்: மொத்தக் கொலஸ்ட்ரால் 218, கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் 138, நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற எச்டிஎல் 46, ரத்தத்துல ஓடற இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 170.

மூணு எண் தடிச்ச எழுத்துல இருக்கே, ஆபத்தா?

அவசரம் எதுவும் இல்லை. மொத்தம் 200–239, எல்டிஎல் 130–159, டிரைகிளிசரைடு 150–199 இருந்தா 'எல்லைக்கோடு'ன்னு சொல்வாங்க. உங்க மூணு எண்ணும் அதுக்குள்ளதான். எச்டிஎல் ஆண்களுக்கு 40-க்குக் கீழே போகக்கூடாது. உங்களுக்குச் சரியா இருக்கு. 218-லிருந்து 46-ஐக் கழிச்சா 172. ரத்தக்குழாயில் படியக்கூடிய எல்லா கொழுப்பும் சேர்ந்த கணக்கு அது. டாக்டர் அதையும் பார்ப்பார்.

என் நண்பருக்கு எல்டிஎல் 110-தான். அவருக்கு மாத்திரை, எனக்கு ஏன் இல்லை?

அவருக்கு ஸ்டென்ட் வச்சிருக்காங்க. ஒரு தடவை அடைப்பு வந்தவங்களுக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே கொண்டுவரணும், அதனால 110 அவருக்கு அதிகம். கொலஸ்ட்ரால் எண்ணை மட்டும் வச்சு மாத்திரை முடிவு பண்றதில்லை. வயசு, பிரஷர், சர்க்கரை, புகை, குடும்பத்துல மாரடைப்பு எல்லாம் சேர்த்துதான் கணக்கு. உங்களுக்கு வயசு 68, பிரஷர் மாத்திரையும் சாப்பிடறீங்க. அதனாலதான் டாக்டர் "மூணு மாசம் பார்த்துட்டு மாத்திரை பத்திப் பேசலாம்"னு சொன்னார், "வேண்டவே வேண்டாம்"னு சொல்லலை. அவர் மாத்திரையைத் தொடங்கச் சொன்னா, நிலைமை மோசமாயிடுச்சுன்னு அர்த்தமில்லை.

தைராய்டு டெஸ்ட் எதுக்கு?

தைராய்டு குறைவா சுரந்தா எல்டிஎல் ஏறும். அதைச் சரிபண்ணினாலே கொலஸ்ட்ரால் இறங்கலாம். மூணு மாதச் சர்க்கரை சராசரியும் அதே காரணத்துக்குத்தான்: சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லைன்னா டிரைகிளிசரைடு ஏறும்.

சாப்பாட்டுல எதைக் குறைக்கணும்?

எல்டிஎல்லை அதிகம் ஏத்தறது நிறைவுற்ற கொழுப்புதான்: வெண்ணெய், நெய், ஆடை எடுக்காத பால், கொழுப்புள்ள இறைச்சி, தேங்காய் எண்ணெய், பாமாயில். 'கொலஸ்ட்ரால் இல்லாதது'ன்னு எண்ணெய் பாக்கெட்டில் போட்டிருந்தா அதை நம்பி வாங்காதீங்க. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் அனேகமா இருக்காது. பின்பக்கப் பட்டியலில் நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு வரிகளைப் பாருங்க. எண்ணெயைச் சட்டியில் கண்ணளவில் ஊத்தாம, கரண்டியால் அளந்து ஊத்தணும். 5 மி.லி. தேக்கரண்டியில் ஒருத்தருக்கு நாளைக்கு மூணு நாலு போதும்; மாசத்துக்குத் தோராயமா அரை லிட்டர்.

டிரைகிளிசரைடு வேற வழியில் ஏறும்: இனிப்பு, ஜூஸ், மைதா, மது. எண்ணெயை மட்டும் குறைச்சுட்டு இனிப்பு பிஸ்கட்டைத் தொடர்ந்தா அந்த எண் அசையாது. பருப்பு, பயறு, ஓட்ஸ், காய்கறி, பழம் கூட்டுங்க. அதில் இருக்கிற கரையும் நார்ச்சத்து எல்டிஎல்லைக் குறைக்கும். ஆனா பயந்துபோய் சாப்பாட்டையே குறைச்சுடாதீங்க. இந்த வயசுல உடம்பு இளைச்சா தசையும் சேர்ந்து போகும். பருப்பு, ஆடை நீக்கின தயிர், மீன் மாதிரி புரதம் குறையவே கூடாது.

எவ்வளவு நடக்கணும்?

நாளைக்கு 30 நிமிஷம், வாரத்துக்கு 5 நாள். ஒரேயடியா முடியலைன்னா 10 நிமிஷமா மூணு தடவை. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தா உடனே நின்னுடுங்க. ஓய்வெடுத்தும் சில நிமிஷத்தில் போகலைன்னா நேரா அவசர சிகிச்சைக்குப் போகணும்.

அடுத்த டெஸ்ட்டுக்கு என்ன கவனிக்கணும்?

அதே லேப். 10–12 மணி நேரம் சாப்பிடாம இருங்க, தண்ணி குடிக்கலாம். பிரஷர் மாத்திரையை வழக்கம்போலப் போடுங்க. காய்ச்சல் வந்து தேறினா சில வாரம் தள்ளி வையுங்க. உடம்பு சரியில்லாதப்போ எல்டிஎல் தற்காலிகமா இறங்கி, நல்லா இருக்கிற மாதிரி காட்டும். கடைசி வாரம் மட்டும் பத்தியம் இருக்காதீங்க, டாக்டர் ஏமாந்துடுவார். 138 அடுத்த தடவை 134 ஆனா அது ரத்தத்தோட வழக்கமான ஏற்ற இறக்கம்தான். 120 பக்கம் வந்தா உங்க முயற்சி பலிச்சிருக்கு.

மாத்திரை வந்தா வாழ்க்கை முழுக்கவா?

பெரும்பாலும் ஆமாம். நிறுத்தினா சில வாரத்துல எண் பழையபடி ஏறிடும். கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டேட்டின் மாத்திரை தந்தா, நீங்க பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடறதை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. சிம்வாஸ்டாட்டின்ங்கிற ஸ்டேட்டினோட அது சேர்ந்தா, சிம்வாஸ்டாட்டின் அளவு 20 மி.கி.யைத் தாண்டக்கூடாது. காரணமில்லாம ரெண்டு தொடையும் வலிச்சாலோ சிறுநீர் கருஞ்சிவப்பா போனாலோ அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க.